இருபது அடி பைப்பு

எனக்கு வாய் ஜாஸ்தின்னு கடைத்தெரு பூரா பேரு. இருந்துட்டுப் போவுது. வாய் கம்மியா இருந்தவங்கல்லாம் இன்னாத்தக் கிழிச்சிட்டாங்க? கள்ளக்குறிச்சில பைப்பு, மோட்டாரு, சொட்டுநீர் சாமான் விக்கற கடை ஒண்ணுல நான் ஆபீஸ் வேல பாக்கறேன். பில்லு போடணும், போன் எடுக்கணும், வந்தவங்களுக்கு பதில் சொல்லணும். விலைப்பட்டியலும் என் தலையிலதான். கம்பெனிக்காரன் விலைய ஏத்தினாலும் எறக்கினாலும் நான்தான் மாத்தி எழுதணும். தப்பு வந்தா கேள்வி எங்கிட்ட வரும். சரியா இருந்தா ஒருத்தனும் ஒரு வார்த்த சொல்ல மாட்டான்.

எங்க மொதலாளியோட மாப்பிள்ள பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைய வுட்டுட்டு மாமனார் கடைக்கு வந்து சேர்ந்தாரு. வந்த கையோட, கடைய பெருசாக்கப் போறேன்னு கெளம்பிட்டாரு. கிராமத்து சின்னக் கடைக்காரங்களுக்கும் காண்ட்ராக்டருங்களுக்கும் குடுக்க கேட்லாக் ஒண்ணு. பேப்பருக்குள்ள வெச்சு வூடு வூடா போட நோட்டீஸ் ஒண்ணு. அதுக்கு மேல வெப்சைட்டு. மூணையும் ஒரே நேரத்துல எறக்கணுமாம். எழுதனது ஒரு எடம், அச்சடிச்சது ஒரு எடம், வெப்சைட்டு அவரு லேப்டாப்புல. மூணுலயும் விலை ஒத்துப்போவுதான்னு பாக்கற வேலைய எங்கிட்ட தள்ளிட்டாரு. "அக்கா, சும்மா ஒரு வாட்டி கண்ணால ஓட்டிடுங்க"ன்னாரு. அவருக்கும் எனக்கும் ஒரே வயசுதான். ஆனா அவரு அக்கான்னு கூப்பிடும்போதெல்லாம் எனக்கு செவுட்டுல ஒண்ணு வுட்ட மாதிரியே இருக்கும்.

கண்ணால ஓட்டற வேலையா அது? மூணையும் மேசை மேல பரப்பி வெச்சுக்கினு, ஒவ்வொரு சாமானா எடுத்து, அளவு இன்னா, எந்தக் கணக்குல விக்கறோம், விலை இன்னா, வரி சேந்ததா சேராததான்னு வரி வரியா பாத்துக்கினே வந்தேன். பாக்கப் பாக்க எனக்கு ரத்தம் கொதிச்சிது.

நோட்டீஸ்ல ரூபா குறியே இல்ல. ஒவ்வொரு விலைக்கும் முன்னால சாய்ஞ்ச கோடு ஒண்ணு மட்டும் நின்னுது, ஈ கால் மாதிரி. ரூபா குறிக்குன்னே பழைய எழுத்து, ஃபாண்ட்டும்பாங்க, ஒண்ணு இருக்குது, அதுல கீபோர்டு மூலையில இருக்கற சாய்ஞ்ச கோட்டத் தட்டினா ரூபா குறி விழும். அச்சகத்துல வேற எழுத்துக்கு மாத்திட்டாங்க. குறி போயிட்டு கோடு நின்னுடுச்சு. கேட்லாக்ல ஒரு பக்கம் ₹, அடுத்த பக்கம் ரூ., அதுக்கடுத்த பக்கம் Rs.-னு இங்கிலீஷ்ல போட்டு பின்னால ஒரு கோடு வேற. வெப்சைட்டுல அதுக்கு மேல. ஆயிரத்து எரநூத்தம்பது ரூபா மோட்டார் ஸ்டார்ட்டருக்கு 1.250,00-னு காட்டுது. வெளிநாட்டுக்காரன் செஞ்ச டிசைன வாங்கி அப்பிடியே மாட்டிட்டாரு. அந்த ஊர்ல புள்ளியும் கமாவும் நமக்கு நேர் எதிராம். நம்ம ஜனம் அத ஒண்ணேகால் ரூபான்னுதான் படிக்கும். படிச்சிட்டு, ஒண்ணேகால் ரூபாய எடுத்துக்கினு வந்து நிக்கும்.

சொட்டுநீர் குழாய் மீட்டர் எட்டு ரூபா அம்பது பைசா. கேட்லாக்ல அது சரியா இருந்துது. வெப்சைட்டுல பைசாவே காட்டாத மாதிரி வெச்சிருந்தாரு, அதனால அது ஒம்பது ரூபான்னு நின்னுது. அம்பது பைசாதானன்னு கேக்கலாம். ஒரு சுருள் ஐநூறு மீட்டர். சுருளுக்கு எரநூத்தம்பது ரூபா ஜாஸ்தி. வாங்கறவன் சும்மா வுடுவானா?

இதுல கூத்து ஒண்ணு நடந்துது. எங்க மொதலாளி பழைய ஆளு. எட்டு ரூபா அம்பது பைசான்னா 8-50-னு நடுவுல கோடு போட்டுத்தான் எழுதுவாரு. அவங்க அப்பா காலத்துலேர்ந்து அப்பிடித்தான். அவரு எழுதிக்குடுத்தத மாப்பிள்ள கம்ப்யூட்டர் கட்டத்துல அப்பிடியே அடிச்சிட்டாரு. கம்ப்யூட்டரு அத தேதின்னு நெனச்சிக்கிச்சு. எட்டாம் மாசம், ஆயிரத்து தொள்ளாயிரத்து அம்பதாம் வருசம். தேதிய அது ஆயிரத்து தொள்ளாயிரத்துலேர்ந்து எத்தனையாவது நாளுன்னு எண்ணித்தான் உள்ள வெச்சிருக்குமாம். அந்தத் தேதிய திருப்பி நம்பராக்கினாரு பாருங்க, அதே விலை போட்ட வேற ஒரு சின்னக் கொழாய் பதினெட்டாயிரத்து நானூத்தி எழுபத்தாறு ரூபான்னு வந்து நின்னுது. நான் சிரிச்சிட்டேன். சிரிச்சது தப்பு. மாப்பிள்ளைக்கு மூஞ்சி செவந்துட்டுது. அப்பறம் கோவத்துல, கோடு இருக்கற எடத்துலல்லாம் புள்ளி போடுன்னு ஒரே அடியா மாத்திவுட்டாரு. 63-6 கிலோன்னு இருந்தது 63.6 கிலோன்னு ஆயிடுச்சு. அறுபத்திமூணு மில்லிமீட்டர் கொழாய், ஆறு கிலோ அழுத்தம் தாங்கும்னு அதுக்கு அர்த்தம். பைப்புத் தொழில்ல இருக்கற கழுதகூட அறியும். அவருக்குத் தெரியல.

"சார், மொதல்ல ஒரே ஒரு பட்டியல் வெச்சுக்கலாம். அதுல திருத்துவோம். மூணும் அதுலேர்ந்துதான் போவணும். மூணு பேரு மூணு எடத்துல தட்டிக்கினு இருந்தா இப்பிடித்தான் ஆவும்"னு சொன்னேன். தப்பா சொன்னனா? அவரு மொதலாளி பக்கம் திரும்பி, "மாமா, இவங்களுக்கு எது பண்ணாலும் குத்தம்"னாரு. மொதலாளி என்னப் பாத்து, "ஏம்மா, நீ வேலய மட்டும் பாரேன்"னாரு. நான் பாத்துக்கினு இருந்ததே அந்த வேலதான்.

குறிய சரி பண்ணிட்டோம். புள்ளி, கமா, பைசா எல்லாம் சரியாச்சு. ஒவ்வொண்ணுக்கும் அவரு மொணகுவாரு, நான் சிடுசிடுப்பேன், கடைசில மாத்துவாரு. கடைசியா ஒண்ணு பாக்கி நின்னுது. அதுலதான் எல்லாம் போச்சு.

பெரிய பைப்போட நீளம். கேட்லாக்ல "6 மீ." நோட்டீஸ்ல "20 அடி." வெப்சைட்டுல "6.10 மீ." ஒரே பைப்பு, மூணு நீளம். கேட்லாக்ல இருக்கறது கம்பெனி பில்லுலேர்ந்து வந்தது. கம்பெனிக்காரன் ஆறு மீட்டர்னு தான் பில்லு போடறான், ஆறு மீட்டர்தான் அனுப்பறான். நோட்டீஸ்ல இருக்கறது ஊரு பேசற பேச்சு. இந்தப் பக்கத்துல எந்த விவசாயியக் கேட்டாலும் இருபது அடி பைப்புன்னுதான் சொல்லுவான். மேஸ்திரியும் அப்பிடித்தான், நானும் அப்பிடித்தான். அந்த இருபது அடிய மாப்பிள்ள கணக்குப் போட்டு மீட்டராக்கினாரு, அது 6.10-னு வந்து வெப்சைட்டுல ஏறிடுச்சு.

"ஆறு மீட்டர்னா பத்தொம்பது அடி எட்டு இன்ச்சுதான். எல்லாத்துலயும் ஆறு மீட்டர்னு போடுங்க. ஜனங்களுக்கு அடிதான் புரியும்னா, பக்கத்துல பத்தொம்பது அடி எட்டு இன்ச்சுன்னு போடுங்க. அதோட ஒரு பைப்ப இன்னொண்ணுக்குள்ள சொருவறப்ப நாலு வெரல் உள்ள போவுது. அதையும் போடணும்"னு சொன்னேன்.

"ஊரே இருபது அடின்னுதான கேக்குது? நம்ம மட்டும் கம்மியா போட்டா, பக்கத்துக் கடையில இருபது அடி கெடைக்குதுன்னு அங்க போயிடுவான்"னாரு மாப்பிள்ள.

"பக்கத்துக் கடையிலயும் அதே கம்பெனி பைப்புதான் சார்."

"அது அவனுக்குத் தெரியுமா?"

மொதலாளி பாத்துக்கினே இருந்தாரு. அவருக்கு நான் சொல்றது சரின்னு தெரியும். முப்பது வருசமா பைப்பு விக்கறவரு, தெரியாம இருக்குமா? ஆனா மாப்பிள்ளைய வுட்டுக்குடுக்க முடியல. "வாயாலதான் இருபது அடின்னு சொல்றோம், யாரு டேப் வெச்சு அளக்கறான்? வுடும்மா"ன்னாரு.

மறுநாள் மாப்பிள்ள திருத்தின மூணையும் கொண்டாந்து எம் முன்னால போட்டாரு. கேட்லாக்ல 6 மீ. போயிடுச்சு. வெப்சைட்டுல 6.10 போயிடுச்சு. மூணுலயும் 20 அடி. "அக்கா, மூணும் ஒண்ணா இருக்கணும்னு நீங்கதான கத்தினீங்க? ஒண்ணா ஆக்கிட்டேன். இப்ப சந்தோசமா?" அப்பிடின்னு கேட்டு பல்லக் காட்டினாரு.

பொய்ய மூணு எடத்துல ஒரே மாதிரி எழுதினா அது நெசமாயிடுமா? மூணு வெவ்வேற நீளம் போட்டிருந்தாக்கூட எவனாவது சந்தேகப்பட்டு போன் பண்ணி கேட்டிருப்பான். எல்லாம் ஒண்ணா இருந்தா யாரு கேக்கப் போறா? நான் அதையும் சொன்னேன். கத்தியே சொன்னேன். கல்லாகிட்ட நின்னவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. மொதலாளி, "இஸ்டமிருந்தா இரு, இல்லாட்டி கெளம்பு"ன்னாரு. எனக்கு வூட்ல அடுப்பெரியணும். இருந்தேன்.

அதோட நிக்கல அவரு. வெப்சைட்டுல புதுசா ஒரு கட்டம் வெச்சாரு. உங்களுக்கு எத்தன அடி வேணும்னு அதுல தட்டினா, எத்தன பைப்பு வேணும்னு அதுவே சொல்லிடும். இருபதால வகுக்கும், அவ்வளவுதான். ஆர்டரு நேரா குடோனுக்குப் போயிடும். நடுவுல யாரும் பாக்க வேணாம், யாரும் கேக்க வேணாம். ரொம்ப நவீனமாம்.

கல்வராயன் மலையில, வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்ல இருக்கற பொம்பள ஒருத்தி அந்தக் கட்டத்துல ஆயிரம்னு தட்டியிருக்கா. நான் அவள அப்ப பாத்ததில்ல. அவ புருசன் கேரளாவுல கூலி வேல. இவ ஒண்டியா மரவள்ளி நட்டிருக்கா. மேல பாறையிடுக்குல ஊத்து ஒண்ணு, வத்தாத தண்ணி. அங்கேர்ந்து கீழ தன் நெலத்துக்கு பைப்பு போட்டா, மோட்டாரே வேணாம், தானா வந்துடும். நடுவுல கொழுந்தன் நெலம். அவங்கிட்ட போயி கால்ல வுழாத கொறையா கெஞ்சி, பைப்பு தாண்டிப் போறதுக்கு மட்டும் சரின்னு வாங்கியிருக்கா. ரெண்டு ஆடு வித்தா. கயிறு புடிச்சு அளந்தா. ஒரு வாட்டி இல்ல, ரெண்டு வாட்டி. தொள்ளாயிரத்து தொண்ணூறு அடி வந்துது. பத்து அடி கையில இருக்கட்டும்னு ஆயிரமா போட்டா. அம்பது பைப்புன்னு வெப்சைட்டு சொல்லிச்சு. குடோன்லேர்ந்து லாரியில அம்பது பைப்பு மேல போச்சு.

என்ன குத்தம் சொல்லுங்க அவகிட்ட? ஒரு எழவும் இல்ல.

ஒரு நாள் காலையில கடை போன் அடிச்சிது. எடுத்து ஹலோன்னேன். அந்தப் பக்கம் நல்லா இருக்கீங்களான்னு கேக்கல. "திருட்டுக் கட வெச்சு நடத்தறீங்களா? தண்ணிய பாத்தாலே வவுறு எரியுதுடி எனக்கு"ன்னு ஆரமிச்சா. நான் சும்மா இருப்பனா? "யாரு பேசறது, மரியாதையா பேசு"ன்னேன். அவ, "மரியாதையா? பதினெட்டு அடி பைப்ப முழுங்கிட்டு மரியாத வேற கேக்கறியா?"ன்னா. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வாங்கு வாங்குன்னு வாங்கினோம். பதினெட்டு அடின்னு அவ மறுபடியும் சொன்னப்பதான் எனக்கு சுருக்குன்னுச்சு. பேனாவ எடுத்து கணக்குப் போட்டேன். அம்பது பைப்பு முந்நூறு மீட்டர். சொருவின எடத்துல போனத கழிச்சேன். தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு அடி. அவ அளந்தது தொள்ளாயிரத்து தொண்ணூறு. பதினெட்டு அடி கம்மி. அச்சு மாறாம அப்பிடியே.

பதினெட்டு அடி கொறைஞ்ச அந்த பைப்பு எங்க வந்து நின்னுது தெரியுமா? கொழுந்தன் நெலத்துக்குள்ள. ஊத்துத் தண்ணி ராவும் பகலும் அவன் நெலத்துல ஊத்திக்கினு இருக்குது. இவ மரவள்ளி பத்து தப்படி தள்ளி வாடிக்கினு கெடக்குது. வாய்க்கா வெட்டி இழுத்துக்கலாம்னு பாத்தா, அவன் மம்புட்டியத் தொட வுடல. பைப்பு தாண்டிப் போவத்தான் சரின்னேன், வாய்க்காலுக்கு நான் சொன்னனான்னு கேட்டானாம்.

ஒத்த பைப்பு. ஒரே ஒரு பைப்பு இருந்தா போதும். பஸ்ஸுல ஏத்த முடியாது அத. ஒத்த பைப்புக்கு வண்டி வெச்சு மலைக்குக் கொண்டு போனா வாடக அந்த பைப்பு விலைக்கு பத்து மடங்கு. நான் மாப்பிள்ள கிட்ட போனேன். "நம்ம தப்பு சார். ஒரு பைப்ப நம்ம செலவுல அனுப்பிடலாம்"னேன்.

"அவங்க அளந்தது தப்பா இருக்கும் அக்கா. மலையில கயிறு வெச்சு அளந்தா சரியா வருமா?"

"நீங்க உக்காந்த எடத்துல வகுத்தது சரியா வந்துச்சா?"

அவரு எழுந்து வெளிய போயிட்டாரு. மொதலாளி கிட்ட போனேன். "இன்னிக்கு இவளுக்கு அனுப்பினா, நாளைக்கு ஊர்ல இருக்கறவனெல்லாம் கம்மின்னு வந்து நிப்பான்"னாரு. நிப்பான்தான். எல்லாருக்கும்தான் கம்மியாப் போச்சு. அவருக்கு அது தெரிஞ்சுதான் சொல்றாரு. எனக்கு அந்த நிமிசம் அந்தக் கடையையே கொளுத்திப் போடலாம் போல இருந்துது.

ரெண்டு நாள் நான் போன்ல அவளுக்கு பதில் சொல்லிச் சொல்லி ஓஞ்சிட்டேன். மூணாவது நாள் அவளே மலையிலேர்ந்து எறங்கி வந்துட்டா. ஒல்லியா, கருப்பா, கண்ணு ரெண்டும் தூங்காத கண்ணு. கடைக்குள்ள நாலஞ்சு பேரு சாமான் வாங்கிக்கினு இருந்தாங்க. நேரா வந்து நோட்டீஸ கல்லா மேல வெச்சா. 20 அடின்னு இருந்த எடத்துல வெரல வெச்சு, "இத யாரு எழுதினது?"ன்னு கேட்டா.

மாப்பிள்ள கொஞ்சம் கூட யோசிக்காம என்னக் காட்டினாரு. "அக்காதான் எல்லாத்தையும் செக் பண்ணுவாங்க."

அட பாவி! நாக்குல நரம்பில்லாத ஆளுங்கள நான் பாத்திருக்கேன். இந்தாளுக்கு எலும்பும் இல்ல, நரம்பும் இல்ல. நான், "பொய் சொல்றாரும்மா. நான் ஆறு மீட்டர்னு போடச் சொன்னேன். இவருதான் மாத்தினாரு"ன்னேன். அவ என்ன ஏற எறங்க பாத்தா. "சொன்னியாக்கும். சொல்லிட்டு இங்கயேதான உக்காந்திருக்க"ன்னா.

 

எழுந்து வாசல்ல சாச்சு வெச்சிருந்த பைப்புல ரெண்ட உருவினேன். "வாம்மா, நீயே அள"ன்னேன். ரோட்டோரமா தரையில போட்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருவினோம். அவ ஒரு முனையப் புடிச்சா, நான் ஒரு முனையப் புடிச்சேன். கடை டேப்ப எடுத்து இழுத்தேன். வாங்க வந்தவங்கல்லாம் வெளிய வந்துட்டாங்க. ஷேர் ஆட்டோக்காரன் வண்டிய ஓரங்கட்டிட்டான்.

நாப்பது அடி இருக்கணும். முப்பத்தொம்பது அடி ஒன்றரை இன்ச்சு இருந்துது.

"இன்னாபா இது, ரெண்டு பைப்புலயே ஒரு அடிக்கு கிட்ட கொறையுது"ன்னு ஒரு பெரியவரு சொன்னாரு. கச்சிராயபாளையத்துக்காரரு, கரும்புக்கு பைப்பு வாங்க வந்தவரு. "போன மாசம் நான் எண்பது பைப்பு வாங்கிப் போட்டு, அளக்கத் தெரியலன்னு எம் மவன திட்டினனே!" அவரு அதோட வுடல. மொதலாளிய பேரு சொல்லியே கூப்பிட்டாரு. கூட இருந்த ரெண்டு பேரு கையில எடுத்த சாமான கல்லா மேல வெச்சிட்டு கெளம்பிட்டாங்க.

மொதலாளி மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். வாசல்ல நின்னுக்கினு இருந்தாரு. எம் மேல ஒரு பார்வ, மாப்பிள்ள மேல ஒரு பார்வ. "பைப்ப ஏத்துங்கடா"ன்னு குடோன் ஆளுங்கள பாத்து கத்தினாரு. சாயந்தரம் சின்ன வண்டியில ஒத்த பைப்பு மலைக்குப் போச்சு, எங்க கடை செலவுல. அவ வண்டிக்காரன் பக்கத்துல ஏறி உக்காந்தா. எங்கிட்ட போறேன்னும் சொல்லல, நல்லா இருன்னும் சொல்லல. சொல்லணும்னு நானும் எதிர்பாக்கல.

மறுநாள் மொதலாளியே எங்கிட்ட வந்து, "நீ சொன்ன மாதிரியே மாத்திடு"ன்னாரு. மன்னிப்பா கேட்டாரு? அதெல்லாம் இல்ல. நானும் மாத்தினேன். "6 மீ. (19 அடி 8 இன்ச்சு). சொருகும் இடத்தில் நீளம் குறையும்"னு வெப்சைட்டுல ஏத்தினேன். அந்தக் கட்டத்துல இருபதால வகுக்கறத எடுத்துட்டு, சொருவறது போக மிச்ச நீளத்தால வகுக்கச் சொன்னேன். பாக்கி வந்தா அடுத்த பைப்புக்கு ஏத்திக் காட்டணும்னும் சொன்னேன். மீந்து போன நோட்டீஸயெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். கேட்லாக்குக்கு திருத்தம் அச்சடிச்சு ஒட்டினோம். மாப்பிள்ள அன்னிலேர்ந்து எங்கிட்ட பேசறதில்ல. அக்கான்னும் கூப்பிடறதில்ல. அந்த மட்டும் நிம்மதி.

கொஞ்ச நாள் கழிச்சு எனக்கு மனசு கேக்கல. அவ நம்பர் பில்லுல இருந்துது, போன் பண்ணேன். தண்ணி வருதான்னு கேக்கத்தான். மரவள்ளி தழைச்சிருக்கும், நல்ல சேதி ஒண்ணு கேக்கலாம்னு எனக்கும் ஒரு ஆச.

"தண்ணியா?"ன்னா. குரல்ல கோவமே இல்ல. எனக்கு அது புடிக்கல. அவ திட்டினாக்கூட தேவலாம்னு இருந்துது. "பைப்பு வந்து சேந்த அன்னிக்கு கொழுந்தன் ஓரமா நின்னுக்கினு சிரிச்சான். அவன் நெலத்துல தண்ணி பாய்ஞ்சு ஒதமேறிட்டுது இல்ல? எறங்கி பீர்க்கங்கா, கத்திரின்னு எல்லாம் நட்டுட்டான். மொளைச்சு வந்துட்டுது. இனிமே பைப்பு என் நெலத்த தாண்டாதுன்னுட்டான். அன்னிக்கு சரின்னது வேற, இப்ப வேறயாம். ஊர்ல பெரியவங்க கிட்ட போனேன். நட்ட பயிர காயப்போட சொல்ல முடியுமான்னு எங்கிட்டயே திருப்பிக் கேக்கறாங்க."

"உன் பயிரு?"

"அது காஞ்சி போயி ரொம்ப நாளாச்சு. குச்சிய புடுங்கி அடுப்புக்குப் போட்டுட்டேன்."

அந்தத் தண்ணிக்கு ஆடு வித்தது இவ, கெஞ்சினது இவ, அளந்தது இவ. மொதல் நாளே அம்பத்தோரு பைப்பு போயிருந்தா, தண்ணி நேரா இவ நெலத்துல எறங்கியிருக்கும். அவன் வழிவுட்டதோட நின்னிருப்பான். கையில விழாத தண்ணிக்கு ஆசப்பட்டிருக்க மாட்டான். அந்த மாப்பிள்ளைய அப்ப எதுத்தாப்புல பாத்திருந்தா நான் இன்னா பண்ணியிருப்பனோ தெரியல.

"கடையில போயி நான் மறுபடியும் சண்ட போடறேன். நஷ்டத்துக்கு எதனா குடுக்க வெக்கறேன்"னேன்.

"வேணாம்மா. நீ வேற"ன்னா.

"அந்த பைப்ப இன்னா பண்ணே?"ன்னு கேட்டேன்.

"கொல்லையில ரெண்டு கவுட்டுக் கொம்பு நட்டு அது மேல வெச்சிருக்கேன்"னா. "துணி காயப்போட நல்ல நீளமா இருக்குது."